கண் கூசாத வெள்ளை

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் ராத்திரி ஷிப்ட். காலையில் எட்டரைக்கு வீடு வந்து, குளித்து, நாலு வாய் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுப்பாள். ஊர் உலகமெல்லாம் ஓடியாடி வேலை பார்க்கிற நேரம் அவளுக்கு நடுச்சாமம்.

குளிர்காலத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. கோடை வந்தால்தான் வினை. அவள் வீடு நாலாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன், இடையில் வேறு எதுவும் கிடையாது. மொட்டை மாடித் தரை பழைய சிமென்டு. பத்து வருஷப் பாசியும் அழுக்கும் ஏறிக் கருத்துப்போயிருந்தது. பதினோரு மணிக்கே கூரை சூடு கக்க ஆரம்பித்துவிடும். இரண்டு மணிக்குக் கட்டிலில் படுக்க முடியாது. தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்பாள். முக்கால் மணி நேரத்தில் துண்டு காய்ந்துவிடும், அவளும் விழித்துக்கொள்வாள். மறுபடி நனைத்து, மறுபடி படுத்து, இப்படியே சாயங்காலம் வந்துவிடும்.

மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இதைத் தாங்கினாள். இந்தக் கோடையில் ஒரு நாள் விடிகாலை, ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஒரு சர்க்கரை நோயாளிக்குப் போட இன்சுலினை ஊசியில் உறிஞ்சி எடுத்தாள். ஊசி போடுமுன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நர்ஸிடம் அளவைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது விதி. “இரண்டு யூனிட்” என்று வாயால் சொல்லிக்கொண்டே காட்டினாள். மற்றவள் ஊசியைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். ஊசியில் இருந்தது இருபது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மற்றவள் யாரிடமும் போட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனாலும் தப்பு நடக்கப் பார்த்ததைச் சிஸ்டர் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். இதற்கு மேல் இதை விட்டுவைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு பண்ணினாள்.

அவள் புருஷன் ஏசி மெக்கானிக். ஊரெல்லாம் குளிர்ச்சி மாட்டிவிட்டு, வெந்துபோன வீட்டுக்குத் திரும்பி வருகிறவர் என்று நண்பர்கள் கிண்டல் பண்ணுவார்கள். படுக்கையறையில் ஒரு பழைய ஏசி இருக்கத்தான் செய்தது. நாளெல்லாம் உறுமும், அறை குளிராது. இன்னும் பெரிதாக ஒன்று மாட்டலாம் என்று அவர் ஆரம்பித்தார். இந்தக் கட்டடத்துக் கரண்ட் லைன் அதைத் தாங்காது என்பது அவருக்கே தெரியும்.

“தலைக்கு மேல அடுப்பை எரிய விட்டுட்டு எவ்வளவு பெரிய விசிறி வெச்சா என்னங்க?” என்றாள் சிஸ்டர். “முதல்ல அடுப்பை அணைக்கணும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். தொழில் தெரிந்தவர், பொய் சொல்ல மாட்டார். வெயிலைத் தரையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கென்றே வெள்ளைப் பெயின்ட் வருகிறது என்றார்.

மொட்டை மாடி பொதுச் சொத்து. எனவே குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனாள். தரைத்தளத்தில் அவர் வீடு. வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து ஈரக் காற்று வந்து காலைத் தொட்டது. தலைக்கு மேலே நாலு வீடு குடை பிடிக்க, அவர் வீடு குளத்துக்குள் இருப்பதுபோல இருந்தது.

தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. வம்பு என்றால் பயப்படுகிறவர். போன வருஷம் பின்தெருவில் ஒரு கட்டடத்துக்குப் பளபளப்பான வெள்ளை அடித்தார்களாம். நம் எதிர்க் கட்டடத்து ஆறாம் மாடியில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற வாட்ச்காரர் கண் கூசுகிறது என்று வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போய்விட்டாராம். இப்போது நம் மாடியும் அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே. வேண்டவே வேண்டாம் என்றார்.

“நாலு மாடியில சூடு உங்க ஒருத்தருக்குத்தான்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.”

“மூணு வருஷமா அனுசரிச்சாச்சு சார். இனி ஒத்துவராது” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பெயின்ட் கடைக்குப் போனபோது கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது வெள்ளி நிறப் பெயின்ட். கண்ணாடிபோல மின்னும், வெயில் பட்டதும் எகிறி ஓடிவிடும் என்றார். அது பிடிக்கவில்லையென்றால் இதோ என்று இன்னொரு டப்பா: வழவழவென்ற தூய வெள்ளை. பக்கத்தில் பிரஷ் வாங்க வந்திருந்த ஒரு பெயின்டரம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் மூன்று நிறக் கறை. கடைக்காரர் உள்ளே போன நேரத்தில் சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்: டப்பாவில் மின்னுவதை வைத்து முடிவு பண்ணாதே, நாலு விதத்தில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கு, மாடியில் மூன்றுக்கு மூன்று அடியில் தனித்தனிக் கட்டமாக அடித்துப் பார், ஒரு வாரம் வெயிலில் கிடக்கட்டும்.

“டப்பா பேசுறதை நம்பாதே. தரை பேசட்டும்” என்றார்.

அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மொட்டை மாடியில் ஒரு மூலையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு நாலு கட்டம் அடித்தார்கள். ஒன்று வெள்ளி. ஒன்று வழவழப்பான வெள்ளை. ஒன்று பளபளப்பே இல்லாத, சுண்ணாம்புபோலப் பொரபொரத்த வெள்ளை. நாலாவது, பெயின்டரம்மா வற்புறுத்தி வாங்க வைத்தது: வெப்பம் திருப்பும் பெயின்ட்தான், ஆனால் பளபளப்பில்லாத, பால் திரிந்த மாதிரி லேசான வெளிர் நிறம். இவற்றுக்குப் பக்கத்தில் பழைய கறுத்த தரை இருந்தபடியே இருந்தது.

நாலாவதைப் பார்த்துச் சிஸ்டருக்குச் சந்தேகம். வெள்ளையாகவே இல்லையே, இது எப்படி வெயிலைத் திருப்பும் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொன்னது புருஷன். சூரியனிலிருந்து வருகிற சூட்டில் ஏறக்குறையப் பாதி நம் கண்ணுக்குத் தெரியாத கதிரில் வருகிறது. நல்ல பெயின்டில் அந்தத் தெரியாத பாதியைத் திருப்புகிற பொடி கலந்திருப்பார்கள். அதனால் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் தரை குளிர்ச்சியாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்று சொன்னாரே தவிர, இருக்கும் என்று சொல்லவில்லை. அளந்தால்தான் தெரியும்.

அளக்கிற நாளில் தலைவரும் மேலே வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் கத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மத்தியானம் ஒரு மணி. காற்றே முப்பத்தொன்பது டிகிரி. புருஷன் வேலைப் பையிலிருந்து வெப்பம் அளக்கும் துப்பாக்கியை எடுத்தார். தூரத்திலிருந்தே குறி பார்த்து விசையை அழுத்தினால் எண் காட்டும். பழைய தரை அறுபத்திரண்டு. வழவழ வெள்ளை நாற்பத்து மூன்று. பொரபொர வெள்ளையும் அதே அளவு. வெளிர் நிறம் நாற்பத்தாறு. வெள்ளி நாற்பத்தொன்று.

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிதான் எல்லாவற்றையும்விடக் குளிர்ச்சி என்று மெஷினே சொல்கிறது. ஆனால் அது மின்னும், எதிர் வீட்டுக்காரர் விடமாட்டார். ஆக, எதுவுமே வேண்டாம் என்று ஒரே மூச்சில் வழக்கைத் தீர்த்துவைத்தார்.

சிஸ்டர் செருப்பைக் கழற்றினாள். வெளிர் கட்டத்தில் ஒரு காலை வைத்தாள், நின்றாள். வெள்ளியில் வைத்தாள், சட்டென்று எடுத்துவிட்டாள்.

“மெஷின் பொய் சொல்லுதுங்க” என்றாள்.

பன்னிரண்டு வருஷம் நோயாளி நெற்றியில் கை வைத்துப் பார்த்தவள். கருவி ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இழுத்தால், கருவியை இன்னொரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பாடம். புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டார். பளபளக்கிற உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளியே விடாது, துப்பாக்கி வெளியே வருகிற சூட்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, அதனால் ஏமாந்துபோகும். பெயின்டரம்மாவிடம் ஓரம் மறைக்கிற காகித டேப் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் ஒரு துண்டு அழுத்தி ஒட்டினார்கள். குடையை விரித்து நிழல் பிடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம் பொறுத்து, டேப்பின் மேல் அளந்தார்கள். மற்றவை எல்லாம் ஒரு டிகிரி முன்னே பின்னே அதே எண். வெள்ளி மட்டும் ஐம்பத்து நாலு.

“வாங்குற சூட்டை விடாம உள்ளேயே வெச்சுக்கும் சார் இது” என்றார் புருஷன். “அது கீழதான் இறங்கும்.”

தலைவர் படி இறங்கிப் போனார். போகும்போது நாலு கட்டத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதைச் சிஸ்டர் கவனித்தாள்.

அன்று சாயங்காலமே வாட்ச்காரர் படியேறி வந்துவிட்டார். வெள்ளை மீசை, நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் சின்ன இடுக்கி. உட்காருங்கள் என்றதற்கு உட்காரவில்லை. அவர் தொழில் முழுக்க ஜன்னலோர மேசையில். கடுகைவிடச் சின்னச் சக்கரத்தை எடுத்துக் கோர்க்கிறவர். தினமும் நாலு மணியானால் அவர் மேசையில் ஒரு வெளிச்சப் பாளம் வந்து விழுகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, இன்னும் முழு மாடிக்கும் அடித்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார். போன வருஷம் பின்ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டினாராம். “இந்த ஜன்னல்லயும் ஒட்ட மாட்டேன். எனக்குக் கண்ணுதான் கை.”

சிஸ்டருக்கும் தூக்கம் கெட்ட கோபம். ஆனால் அந்த ஆள் சொன்னது பொய்யில்லை என்று தோன்றியது. “நாளைக்கு நாலு மணிக்கு உங்க மேசையில நான் உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றாள். “ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மணிக்கு நீங்க எங்க வீட்டுத் தரையில வந்து படுக்கணும். அப்புறம் பேசுவோம்.”

என்ன பேச்சு இது என்று முறைத்தார். ஆனாலும் சவால் என்றால் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் இரண்டு மணிக்கு வந்தார்.

பாயை விரித்துக் கொடுத்தாள். ஏசியை நிறுத்தினாள், மின்சாரம் போனால் இப்படித்தான் என்றாள். வாட்ச்காரர் சட்டையோடு படுத்துக் கூரையைப் பார்த்தார். சிஸ்டர் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் கழித்து அவர் மேல் பொத்தானைக் கழற்றினார். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தார். முதுகு முழுக்க நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உயர்த்திக் கூரைப்பக்கம் காட்டி, அடுப்பில் கை காய்வதுபோல உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் தூங்குவீங்க?” என்று கேட்டார்.

“சேர்த்துப் பார்த்தா மூணு மணி நேரம். துண்டு துண்டா.”

“அதுக்கப்புறம் ராத்திரி பூரா ஊசி போடுறீங்க.”

ஆமாம் என்று தலையாட்டினாள். இருபது யூனிட் கதையை அவரிடம் சொல்லிவிட்டாள். புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லாதது. ஏன் இவரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனாள். மேசை மேல் ஒரு பழைய கைக்கடிகாரம் பிரித்துக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. வழவழ வெள்ளைக் கட்டம், அத்தனை சின்னது, கண்ணாடித் துண்டுபோல வெயிலை அப்படியே வாங்கி நேராக இந்த ஜன்னலுக்கு வீசிக்கொண்டிருந்தது. வெள்ளியும் அப்படித்தான். பொரபொர வெள்ளை இப்படிக் குத்தவில்லை, ஆனாலும் கண்ணை இடுக்கித்தான் பார்க்க முடிந்தது. வெளிர் கட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. வெயிலில் காயப்போட்ட பழைய வேட்டிபோல, தன்பாட்டுக்குக் கிடந்தது.

ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு சாக்கைப் போட்டு மூடச் சொல்லிப் புருஷனை மாடியில் நிறுத்தியிருந்தாள். மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார்கள். வழவழ வெள்ளையை மூடிய உடனே மேசை மேல் இருந்த பாளம் மறைந்தது. வெளிர் நிறத்தை மூடினாலும் திறந்தாலும் மேசையில் பெரிய வித்தியாசம் இல்லை.

“வழவழப்பும் வெள்ளியும் வேண்டாம்” என்றாள் சிஸ்டர். “அதை நானே தள்ளிட்டேன். பொரபொர வெள்ளை இன்னும் மூணு டிகிரி குறைச்சல். எனக்கு அந்த மூணு டிகிரி வேணும்னுதான் இருக்கு.”

“எனக்குக் கண்ணு வேணும்” என்றார் அவர்.

அப்புறம் வாட்ச்காரர் ஒரு காகிதத்தை எடுத்துப் பென்சிலால் மாடியை வரைந்தார். எது படுக்கையறை, எது கூடம், எது மாடிப்படி என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டார். அவர் ஜன்னலை நோக்கிய பக்கம் ஆறடி அகலத்துக்குக் கீழே இருப்பது நடைபாதையும் மாடிப்படியும்தான். அங்கே யாரும் படுப்பதில்லை. அந்தப் பட்டைக்கு வெளிர்சாம்பல் நிறம் அடித்துவிடலாம். மற்ற இடம் முழுக்க வெளிர் பால் நிறம். சிஸ்டர் பென்சிலை வாங்கி, படுக்கையறைக்கு நேர் மேலே ஒரு சதுரம் போட்டாள். கைப்பிடிச் சுவர் அந்தச் சதுரத்தை ஆறாம் மாடியிலிருந்து பாதி மறைக்கிறது. மேற்குச் சுவரின் நிழலும் மூன்றரை மணிக்கே அங்கே விழுந்துவிடும். அங்கே மட்டும் பொரபொர வெள்ளை.

வாட்ச்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஒரு கண்ணை மூடி அளந்து, “அங்க வெள்ளை அடிச்சுக்கோங்க” என்றார். எழுத்தில் கொடுப்பீர்களா என்று கேட்டாள். கொடுத்தார். கையெழுத்து கடிகார எண்கள்போல அச்சடித்த மாதிரி இருந்தது.

அந்தக் கடிதத்தோடு தலைவரிடம் போனால், அவர் இதற்குள் மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொதுக்குழுவில் வைக்கலாம் என்றார். பொதுக்குழு எப்போது என்று கேட்டாள். இரண்டு மாசம் கழித்து. அதற்குள் கோடையே முடிந்துவிடும். முறை என்று ஒன்று இருக்கிறதில்லையா என்றார்.

சிஸ்டர் வாக்குவாதம் பண்ணவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு வேலை முடிந்து வந்தவள் நாலு மாடி ஏறவில்லை. தரைத்தள நடையில், தலைவர் வீட்டு வாசலுக்கு முன்னால், பாயை விரித்தாள். யூனிபாரத்தோடு, கைப்பையைத் தலைக்கு வைத்து, படுத்துக் கண்ணை மூடினாள்.

அங்கே குளுகுளுவென்று இருந்தது. வேண்டுமென்றே வந்து படுத்தவள், உண்மையாகவே தூங்கிப்போனாள்.

மார்க்கெட் போகக் கதவைத் திறந்த தலைவர் வீட்டம்மா, காலைத் தூக்கி வைக்க இடம் இல்லாமல் நின்றார். பால்காரர் சுற்றிப் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். மூன்று மணிக்கு எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, தலைவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேலே போனாள். அடுத்த நாளும் வந்தாள். எழுந்து போகச் சொல்லித் தலைவர் கேட்டபோது கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்:

“இதுவும் பொது இடம்தானே சார். இங்கே தூங்கக் கூடாதுன்னு தீர்மானம் இருந்தாக் காட்டுங்க. இல்லேன்னா பொதுக்குழுவில வைங்க. அதுவரைக்கும் இங்கதான்.”

மூன்றாம் நாள் அவளுக்கு வலது பக்கம் இன்னொரு பாய் இருந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்காரம்மா, கைக்குழந்தையோடு. குழந்தைக்கு மேலெல்லாம் வியர்க்குரு. கீழே குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வந்தேன் என்றாள். பேச்சு கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. இனி ரெண்டாம் மாடியும் வரும் என்று தலைவர் வீட்டம்மா உள்ளே புருஷனிடம் சொல்வது வெளியே கேட்டது. அன்று மத்தியானம் அந்தம்மாவே மாடிக் கதவுச் சாவியைக் கொண்டுவந்து சிஸ்டர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. சிஸ்டர் இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். பெயின்டரம்மா அவசரப்பட விடவில்லை. முதல் நாள் முழுக்கச் சுரண்டலும் கழுவலும்தான். கம்பிப் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சுத்தம் பண்ணி, விரிசல்களை அடைத்தார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அடிப்பூச்சு. மறுநாள் விடிந்ததும் முதல் பூச்சு, வெயில் ஏறுமுன் நிறுத்திவிட்டு, ஐந்து மணிக்கு மேல் குறுக்கே இரண்டாவது பூச்சு. கொதிக்கிற தரையில் அடித்தால் பெயின்ட் பிடிக்காமல் சருகாக உரியும் என்பார். துணி காயப்போட நடக்கிற வழியில் மட்டும் மெல்லிய மணலைக் கலந்து அடித்தார். மழையில் வழுக்கக் கூடாதாம்.

நடுவில் தலைவர் ஒரு தடவை வந்து வாசல்படியில் நின்றார். பொதுச் சொத்தில் அனுமதி இல்லாமல் கைவைக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுப்பேன் என்றார்.

“எழுதுங்க சார்” என்றாள் சிஸ்டர், உருளையை நிறுத்தாமல். கன்னத்தில் பெயின்ட், முழங்கால் வரைக்கும் பெயின்ட். “என் பேரைச் சரியா எழுதுங்க. அடிச்சது நான். தப்புன்னா நான் பார்த்துக்கிறேன். ஆனா இதைச் சுரண்டி எடுக்கிறது யாருன்னும் இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. ஏன்னா, எடுக்க விட மாட்டேன்.”

அவர் போய்விட்டார். எழுதவில்லை.

காய்ந்த மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் புருஷன் படுக்கையறைக் கூரையை அளந்தார். போன வாரம் இதே நேரத்துக்கு நாற்பத்திரண்டு. இப்போது முப்பத்தைந்து. அறை ஐஸ் பெட்டி ஆகிவிடவில்லை. வெக்கை இருந்தது, வியர்த்தது. ஆனால் அந்தப் பழைய ஏசி, பல வருஷம் கழித்து, அறையைக் குளிர்வித்துவிட்டுத் தானாக நின்றது. அது நின்ற சத்தமில்லாமையில் புருஷன் பயந்துபோய்ச் செத்துவிட்டதா என்று ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தார். சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குப் படுத்தவள் நாலரை மணிக்குத்தான் எழுந்தாள்.

எழுந்ததும் மாடிக்குப் போய் எதிர்ஜன்னலைப் பார்த்தாள். வாட்ச்காரர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். திரை திறந்தே இருந்தது. கூப்பிட்டுக் கேட்டாள். நாலு மணியிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வருகிறது, தாங்கலாம் என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

கட்டடத்தில் பேச்சு மாறிவிட்டது. மூன்றாம் மாடியில் ராத்திரி கூரை அனல் அடிப்பது குறைந்துபோனதாம். பக்கத்துத் தெருச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் மாடியைப் பார்க்க வந்தார்கள். தலைவர்தான் முன்னால் நின்று சுற்றிக் காட்டினார். எது எந்த நிறம், ஏன் வெள்ளி கூடாது, டேப் ஒட்டி அளப்பது எப்படி என்றெல்லாம் மணி மணியாக விளக்கினார். சிஸ்டர் துணி எடுக்கப் போனவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தப்பும் இல்லாமல்தான் சொன்னார்.

பொதுக்குழு கூடிய அன்று மழை பிடித்துவிட்டது. தலைவர் நிகழ்ச்சிக் குறிப்பைப் படித்தார். சங்கத்தின் ஒப்புதலோடும் தலைவரின் மேற்பார்வையிலும் மொட்டை மாடிக்கு வெப்பம் தடுக்கும் பெயின்ட் அடிக்கப்பட்டது என்று ஒரு வரி. எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். நோட்டு சிஸ்டர் கைக்கு வந்தது.

அவள் அந்த வரியைப் படித்தாள். வேலைக்குக் கிளம்புகிற நேரம், யூனிபாரத்தில் இருந்தாள். பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து, “சங்கத்தின் ஒப்புதலோடும் தலைவரின் மேற்பார்வையிலும்” என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே குண்டு குண்டாக எழுதினாள்: நாலாம் மாடியில் குடியிருக்கும் என்னால், ஒப்புதல் இல்லாமல்.

“என்னம்மா இது” என்றார் தலைவர். “உங்களுக்குச் சாதகமாத்தானே எழுதினேன்.”

“தெரியும் சார். ஆனா நடந்தது இது. நாளைக்கு இன்னொரு வீட்டுல கூரை சுட்டா, அவங்க இந்த நோட்டைப் படிச்சுட்டு அனுமதிக்காக இரண்டு மாசம் காத்துக்கிட்டு உட்காரக் கூடாது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் வீட்டம்மா, பின்வரிசையில், சத்தமாகவே. சிஸ்டர் அடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி, நோட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.